ஆல்டர் மேசையில் கரையும் லாபம்

திருப்பூரில் எந்தப் பனியன் கம்பெனிக்குள் நுழைந்தாலும், தையல் வரிசை முடியும் இடத்தில் ஒரு செக்கிங் மேசை இருக்கும். ட்யூப்லைட் வெளிச்சத்தில் பெண்கள் நின்றபடியே பீஸை உள்ளும் புறமும் புரட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். தோள் தையல் விட்டிருந்தாலோ, கழுத்துப் பட்டி ஒரு பக்கம் இழுத்திருந்தாலோ, அந்த இடத்தில் சின்ன அம்பு ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டி ஓரமாகப் போடுவார்கள். அந்த ஓரத்துக் குவியலுக்குப் பெயர் ஆல்டர். ஒரு டெய்லர் அதை எடுத்துத் தையலைப் பிரித்து, மறுபடி தைத்து, திரும்ப அதே மேசைக்கு அனுப்புவார். மாலைக்குள் குவியல் காலியாகிவிடும். நஷ்டம் எதுவும் நடந்ததாக யாருக்கும் தோன்றாது. "இந்த மாசம் ஆல்டர் எப்படி?" என்று முதலாளி கேட்டால், "வழக்கம்போலத்தானுங்க சார்" என்று பதில் வரும்.

மாதக் கடைசியில் கணக்காளர் தயாரிக்கும் லாப நட்டக் கணக்கிலும் ஆல்டர் என்று ஒரு வரி இருப்பதில்லை. ஆல்டர் தைத்தவருக்குக் கொடுத்த பணம் கூலிக் கணக்கில் மற்றவர்களின் கூலியோடு கலந்துவிடுகிறது. நிறம் சரியில்லாமல் துணியை மறுபடி சாயம் போட்ட செலவு டையிங் பில்லுக்குள் போய்விடுகிறது. தாமதமான சரக்கை விமானத்தில் அனுப்பிய கட்டணம் ஏற்றுமதிச் செலவில் சேர்கிறது. பையர் பிடித்துக்கொண்ட தொகை விற்பனைத் தள்ளுபடியாக மாறிவிடுகிறது. நான்கும் தவறுகளுக்காகக் கொடுத்த பணம்தான். ஆனால் நான்கு தலைப்புகளில், நான்கு வேறு பெயர்களில் கிடப்பதால் மொத்தம் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. இப்படிச் சிதறிக் கிடப்பதை ஒரே தாளில் திரட்டி, விற்பனையில் அது எத்தனை சதவீதம் என்று சொல்வதுதான் தரச் செலவு அறிக்கை.

இந்தக் கணக்குமுறை அமெரிக்கத் தொழிற்சாலைகளில் உருவானது. 1951-இல் வெளிவந்த தரக் கட்டுப்பாட்டுக் கையேட்டில் ஜோசப் ஜூரன், தவறுகளால் வீணாகும் பணத்தைச் சுரங்கத்துக்குள் கிடக்கும் தங்கத்துக்கு ஒப்பிட்டார். ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் பணியாற்றிய ஆர்மண்ட் ஃபைகன்பாம், தரத்துக்கான செலவைத் தடுப்பு, சோதனை, பிழை என்று பிரித்துப் பார்க்கும் வழியை 1956-இல் எழுதிய கட்டுரையில் முன்வைத்தார். பிழை என்பது பின்னர் உள்பிழை, வெளிப்பிழை என்று இரண்டாகப் பிரிந்தது. இன்றைக்கும் உலகெங்கும் புழங்குவது இந்த நான்கு அறைகள்தான்.

எந்தச் செலவு எந்த அறையில்?

முதலில், தரச் செலவு எது, சாதாரண உற்பத்திச் செலவு எது என்று பிரிக்க வேண்டும். அதற்கு ஒரு கேள்வி போதும்: எல்லாப் பீஸும் முதல் தடவையே சரியாக வரும் என்பது உறுதியானால், இந்தச் செலவு தேவைப்படுமா? தேவைப்படும் என்றால் அது சாதாரணச் செலவு. தேவைப்படாது என்றால் தரச் செலவு. முதல்முறை தைக்கும் கூலி சாதாரணச் செலவு. அதே தையலைப் பிரித்து இரண்டாம் முறை தைக்கும் கூலி தரச் செலவு.

பிறகு அந்தப் பணம் எந்தக் கட்டத்தில் செலவாகிறது என்று பார்க்க வேண்டும். தவறு பிறப்பதற்கு முன்பே, அது பிறக்காமலிருக்கச் செய்தது தடுப்புச் செலவு. புது டெய்லருக்குக் கொடுக்கும் பயிற்சி, பெரிய ஆர்டரைத் தொடங்கும் முன் கொஞ்சம் பீஸ் மட்டும் தைத்துப் பார்க்கும் பைலட் ரன், ஊசி மழுங்கும் முன்பே மாற்றுவது எல்லாம் இந்த வகை. தவறு இருக்கிறதா என்று தேடுவதற்கான செலவு சோதனைச் செலவு. துணி ரோலை விரித்து ஓட்டைக்கும் கோட்டுக்கும் புள்ளி போட்டுப் பார்ப்பது, செக்கிங் பெண்களின் சம்பளம், சாயம் போகிறதா என்று லேபில் பார்க்கும் கட்டணம் இதில் வரும்.

தவறு நடந்துவிட்டது, ஆனால் சரக்கு கேட்டைத் தாண்டும் முன்பே கண்டுபிடித்துவிட்டோம் என்றால் அது உள்பிழைச் செலவு. ஆல்டர், மறுசாயம், செகண்ட்ஸாகப் பாதி விலைக்கும் கீழே தள்ளிவிடும் பீஸ் எல்லாம் இங்கே. சரக்கு பையர் கைக்குப் போன பிறகு தவறு தெரியவந்தால் அது வெளிப்பிழைச் செலவு. துவைத்த பிறகு டி-ஷர்ட்டின் பக்கத் தையல் முறுக்கிக்கொண்டு முன்பக்கம் வந்து நிற்பதைப் பலர் வீட்டிலேயே பார்த்திருப்பீர்கள். சிங்கிள் ஜெர்சி துணியில் நூலின் முறுக்கு தளரும்போது வருவது அது. கம்பெனியில் அயர்ன் செய்து மடித்து வைத்தபோது அந்தப் பீஸில் ஒரு குறையும் தெரிந்திருக்காது.

பிரிக்கும்போது இரண்டு இடங்களில் எல்லோரும் தடுமாறுவார்கள். முதலாவது, ஆல்டர் முடிந்து வந்த பீஸை மறுபடி செக் செய்யும் வேலை. செக்கிங் என்பதால் இதைச் சோதனையில் சேர்க்கத் தோன்றும். ஆனால் முதல்முறை சரியாகத் தைத்திருந்தால் இந்த இரண்டாம் பார்வையே தேவையில்லை. ஆகவே இது உள்பிழை. பையரின் இன்ஸ்பெக்ஷனில் சரக்கு ஃபெயிலாகி, எல்லாப் பெட்டியையும் பிரித்து அடுக்கி இரண்டாம் முறை இன்ஸ்பெக்ஷன் வைக்கும் செலவும் அப்படித்தான்.

இரண்டாவது, விமானக் கட்டணம். நிறம் தவறியதால் துணி மறுசாயத்துக்குப் போய், பத்து நாள் தாமதமாகி, கப்பலைத் தவறவிட்டு விமானத்தில் அனுப்ப நேர்கிறது. தவறு கம்பெனிக்குள்ளேயே பிடிபட்டதால் நான் இதை உள்பிழையில் வைப்பேன். தாமதம் பையரைப் பாதிப்பதால் வெளிப்பிழையில் வைப்பவர்களும் உண்டு. எங்கே வைத்தாலும் சரி, ஒவ்வொரு மாதமும் ஒரே அறையில் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் போன மாதத்தையும் இந்த மாதத்தையும் ஒப்பிட முடியாது.

ஒரு கம்பெனியின் ஒரு மாதம்

கணக்கு புரிவதற்காக ஒரு பனியன் கம்பெனியை மனத்தில் வைத்துக்கொள்வோம். எண்கள் நான் எடுத்துக்கொண்டவை. கணக்கு எளிதாக இருக்கும்படி முழு எண்களாகவே வைத்திருக்கிறேன். தையல் மெஷின்கள் 50. மாதம் 50,000 டி-ஷர்ட், ஒன்று ₹200 வீதம் ஏற்றுமதி. விற்பனை ₹1 கோடி. ஆகவே ₹1 லட்சம் என்றால் விற்பனையில் 1 சதவீதம். கையில் நிற்கும் லாபம் ₹5 லட்சம்.

கணக்காளரும் செக்கிங் பொறுப்பாளரும் ஒரு மேசையில் உட்கார்ந்து பில்லையும் கூலிப் பதிவேட்டையும் புரட்டுகிறார்கள். 4,000 பீஸ் ஆல்டருக்குப் போயிருக்கிறது. பிரித்து, தைத்து, மறுபடி பார்க்க ஒரு பீஸுக்கு ₹15 என்றால் ₹60,000. ஒரு டன் துணிக்கு மறுசாயம், கிலோவுக்கு ₹80 வீதம் ₹80,000. சரிசெய்யவே முடியாத பீஸ் 1,500. ஒன்றைத் தயாரிக்க ₹160 ஆனது, செகண்ட்ஸாக ₹50-க்குப் போனது. பீஸுக்கு ₹110 நஷ்டம், மொத்தம் ₹1,65,000. இதையெல்லாம் ஈடுகட்ட இரவு ஓவர்டைம் ₹45,000. விமானக் கட்டணம் ₹1,50,000. உள்பிழை மட்டும் ₹5 லட்சத்தைத் தொட்டுவிட்டது. மற்ற மூன்று அறைகளையும் இதேபோல நிரப்பினால் அறிக்கை இப்படி வருகிறது.

| வகை | தொகை | விற்பனையில் % |
|---|---|---|
| தடுப்பு (பயிற்சி, பைலட் ரன், முன்கூட்டிய பராமரிப்பு) | ₹60,000 | 0.6 |
| சோதனை (துணி சோதனை, செக்கிங் சம்பளம், லேப், இன்ஸ்பெக்ஷன்) | ₹2,30,000 | 2.3 |
| உள்பிழை (ஆல்டர், மறுசாயம், செகண்ட்ஸ், ஓவர்டைம், விமானம்) | ₹5,00,000 | 5.0 |
| வெளிப்பிழை (பையர் பிடித்தம், மாற்றுப் பீஸ் அனுப்பியது) | ₹2,00,000 | 2.0 |
| மொத்தம் | ₹9,90,000 | 9.9 |

லாபம் ₹5 லட்சம். தரச் செலவு ₹9.9 லட்சம். இந்த இரண்டு எண்களையும் அடுத்தடுத்து எழுதிப் பார்த்த பிறகு, "வழக்கம்போல" என்ற பதிலை எந்த முதலாளியாலும் ஏற்க முடியாது.

மொத்தத்தைவிட முக்கியமானது, நான்கு அறைகளுக்கு இடையே பணம் பங்கிடப்பட்டிருக்கும் விதம். ₹9.9 லட்சத்தில் ₹7 லட்சம், அதாவது நூற்றுக்கு எழுபது, தவறு நடந்து முடிந்த பிறகு கொடுத்தது. தவறு நடக்காமலிருக்கக் கொடுத்தது நூற்றுக்கு ஆறுதான். மழைக்கு முன் ஓட்டை அடைக்காமல், ஒழுகும் இடத்திலெல்லாம் பாத்திரம் வைப்பதற்கே இந்தக் கம்பெனி சம்பாதித்ததைச் செலவழிக்கிறது.

₹15 ஊசி

இனி எங்கே கைவைப்பது? பெரிய தொகையை எடுத்து, அதற்குள் காரணத்தைத் தேட வேண்டும். செகண்ட்ஸான 1,500 பீஸையும் குறைவாரியாகப் பிரித்ததில், 600 பீஸில் நீடில் ஹோல் என்று வந்தது என்று கொள்வோம்.

நீடில் ஹோல் என்பது தையலை ஒட்டி ஊசிமுனை அளவில் விழும் துளை. பின்னல் துணி முழுவதும் வளையம் வளையமாகக் கோத்த நூல். உருண்டை முனை கொண்ட பால் பாயிண்ட் ஊசி நூலை விலக்கிக்கொண்டு இறங்கும். முனை மழுங்கியோ கொக்கிபோல மடங்கியோ இருந்தால், விலக்காமல் நூலை அறுத்துவிடும். ஒரு வளையம் அறுந்தால் பக்கத்து வளையங்களும் பிடிமானம் இழக்கும். துணியில் சாஃப்ட்னர் குறைந்து வறண்டிருந்தாலும் இதே கதிதான். தைத்தவுடன் பார்த்தால் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது. தையலை இரு கையாலும் பிடித்து இழுத்துப் பார்த்தால் தெரியும். ஒரு முறை துவைத்தால் நன்றாகவே தெரியும். செக்கிங்கில் தப்பியது கடைக்குப் போய், வாங்கியவர் வீட்டில் துவைக்கும்போது வாய் திறக்கும்.

இந்தக் கம்பெனியில் ஊசி உடைந்தால்தான் மாற்றுவார்கள். அதற்குப் பதிலாக, உடைந்தாலும் உடையாவிட்டாலும் ஒவ்வொரு மெஷினிலும் தினம் ஒரு ஊசி மாற்றுவது என்று முடிவு செய்கிறார்கள். ஊசி ₹15, மெஷின் 50, நாள் 26. மாதம் ₹19,500 கூடுதல். கணக்காளருக்கு இது வீண் செலவாகத்தான் தெரியும், ஏனென்றால் ஊசி பில் கண்முன்னால் நிற்கிறது, துளை விழுந்த பீஸுக்கு பில் இல்லை. தரச் செலவு அறிக்கை இரண்டையும் ஒரே தாளில் வைக்கிறது. துளை விழும் பீஸ் 600-இலிருந்து 150-ஆகக் குறைந்தால், 450 பீஸுக்கு ₹110 வீதம் ₹49,500 மிச்சம். ஊசிச் செலவைக் கழித்தாலும் மாதம் ₹30,000 நிற்கிறது. பையரிடம் போய்ச் சேராத துளைகளின் மதிப்பு இதில் சேரவில்லை.

துணிக்கும் இதே வழிதான். கட்டிங்குக்கு முன் ஒவ்வொரு லாட்டிலும் ஒரு துண்டைத் துவைத்து முறுக்கலும் சுருக்கமும் பார்க்கிறார்கள். நிறத்தை ட்யூப்லைட்டில் பார்த்து ஓகே செய்யாமல், பையர் சொன்ன வெளிச்சத்தில் லைட் பாக்ஸுக்குள் வைத்துப் பார்க்கிறார்கள். ஒரு விளக்கில் ஒன்றாகத் தெரியும் இரண்டு நீலம் இன்னொரு விளக்கில் வேறுவேறாகத் தெரியும் என்பது சாயக்காரர்களுக்குப் பழக்கமான உண்மை.

ஆறு மாதம் கழித்து அறிக்கை இப்படி மாறுகிறது என்று வைப்போம்: தடுப்பு 1.2, சோதனை 2.5, உள்பிழை 2.9, வெளிப்பிழை 0.9. மொத்தம் 7.5 சதவீதம். தடுப்பு இரண்டு மடங்கானது. சோதனை கொஞ்சம் கூடியது. பிழைச் செலவு 7-இலிருந்து 3.8-க்கு இறங்கியது. மாதம் ₹2.4 லட்சம் குறைந்திருக்கிறது.

ஆனால் அந்த ₹2.4 லட்சமும் அப்படியே பணமாகக் கைக்கு வந்துவிடாது. மறுசாய பில்லும் விமானக் கட்டணமும் குறைந்தால் பணம் உடனே மிஞ்சும். ஆல்டர் குறைந்ததால் ஒரு டெய்லருக்கு மூன்று மணி நேரம் மிச்சமானால், அந்த நேரத்தில் அவர் புதுப் பீஸ் தைத்தால்தான் லாபம். சும்மா உட்கார்ந்திருந்தால் கூலி அப்படியேதான் போகும். அறிக்கையைப் படிக்கும்போது இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பது நேர்மையான கணக்கு.

சதவீதம் சொல்லாதது

விற்பனையில் சதவீதம் என்று சொல்வதால் பெரிய கம்பெனியையும் சிறிய கம்பெனியையும், நல்ல மாதத்தையும் மந்தமான மாதத்தையும் ஒரே அளவுகோலில் பார்க்க முடிகிறது. அதே அளவுகோல் ஏமாற்றவும் செய்யும். டாலர் மதிப்பு ஏறினால் ரூபாயில் விற்பனை கூடும், தரச் செலவின் சதவீதம் குறையும். மேசையில் ஆல்டர் குவியல் மட்டும் அப்படியே இருக்கும். ஆகவே சதவீதத்தோடு, ஒரு பீஸுக்கு எத்தனை ரூபாய் என்றும் பக்கத்தில் எழுதுவது நல்லது. நம் கம்பெனியில் அது பீஸுக்கு ₹19.80-இலிருந்து ₹15-ஆகக் குறைந்தது.

இன்னொன்று காலம். பையரின் டெபிட் நோட் சரக்கு போய் இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் வரும். மார்ச்சில் தைத்த தவறு ஜூன் கணக்கில் ஏறினால், ஜூனில் நன்றாக வேலை செய்தவர்கள் திட்டு வாங்குவார்கள். டெபிட் நோட் வந்ததும் அது எந்த மாதச் சரக்குக்கு என்று குறித்துவைத்தால் இந்தக் குழப்பம் தீரும்.

எண்களை ஒன்றோடொன்று சேர்த்துப் பார்த்தால்தான் அறிக்கை உண்மையைச் சொல்லும். உள்பிழை கூடி வெளிப்பிழை குறைந்தால், செக்கிங் இறுகியிருக்கிறது. தொடக்கத்தில் இது நல்ல அறிகுறி. உள்பிழை குறைந்து, சில மாதத்தில் வெளிப்பிழை ஏறினால், தவறு குறையவில்லை, பிடிப்பதுதான் குறைந்திருக்கிறது. ஆல்டர் எண்ணிக்கை திடீரென்று பாதியாகி, ஓவர்டைமும் நூல் செலவும் அசையாமல் நின்றால், யாரோ கணக்கில் காட்டாமல் ஆல்டர் தைக்கிறார்கள் என்று பொருள்.

அப்படி மறைப்பது பெரும்பாலும் பயத்தால். அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, "உன் வரிசையில்தான் இவ்வளவு" என்று ஒரு சூப்பர்வைசரை எல்லோர் முன்னாலும் கடிந்தால், அடுத்த மாதம் அவர் உண்மையான எண்ணைத் தரமாட்டார். ஃபைகன்பாம் இதைத்தான் மறைந்திருக்கும் தொழிற்சாலை என்றார். தவறுகளைச் செய்து தவறுகளைத் திருத்துவதற்கென்றே ஒரு தொழிற்சாலை, நம் தொழிற்சாலைக்குள்ளேயே யாருக்கும் தெரியாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. அது வெளிச்சத்துக்கு வர வேண்டுமானால், எண்ணைச் சொல்பவர் பயப்படக் கூடாது.

எந்த அறையிலும் அடங்காத ஒரு செலவும் உண்டு. இரண்டு முறை மோசமான சரக்கு வாங்கிய பையர் சண்டை போடாமல் அடுத்த ஆர்டரை வேறு ஊருக்குக் கொடுத்துவிடுவார். அதற்கு டெபிட் நோட் வராது. ஆகவே வெளிப்பிழை அறையில் இருக்கும் தொகையை எப்போதும் குறைந்தபட்சம் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

இந்த அறிக்கைக்கு சாஃப்ட்வேர் வாங்க வேண்டியதில்லை, ஆளும் தேட வேண்டியதில்லை. முதல் மாதக் கணக்கு தோராயமாக இருந்தாலும் குற்றமில்லை. சிறு கம்பெனி நடத்தும் அன்பர்கள் நாளைக் காலை ஆல்டர் மேசையில் ஒரு நோட்டுப் புத்தகத்தை வையுங்கள். எத்தனை பீஸ், என்ன குறை, சரிசெய்ய எவ்வளவு நேரம் என்று மூன்று கட்டம் மட்டும் போடுங்கள். செக்கிங் பார்க்கும் அக்காவே எழுதட்டும். எழுதியதற்காக அவரை யாரும் கேள்வி கேட்கக் கூடாது என்று எல்லோர் முன்னாலும் சொல்லுங்கள். முப்பதாம் நாள் அந்த நோட்டையும் மாத விற்பனையையும் பக்கத்தில் வைத்துச் சதவீதம் போட்டுப் பாருங்கள். அதன்பின் ஆல்டர் எப்படி என்று கேட்டால், "வழக்கம்போல" என்ற பதிலுக்குப் பதில் ஒரு எண் வரும். குறைக்க முடிவது எண்ணைத்தான்.